இரும்புப் பாலங்கள்: 100 அடியிலிருந்து 579 அடிக்குத் தாவியது எப்படி?

நெடுஞ்சேரலாதன் எழுதியது:

தொழில்நுட்ப வரலாற்றைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குள் எழுந்த கேள்வியை இங்கே வைக்கிறேன். இங்கிலாந்தின் செவெர்ன் ஆற்றின் மேல் கோல்புரூக்டேல் அருகே 1779-இல் எழுப்பப்பட்டு 1781 புத்தாண்டு நாளில் திறக்கப்பட்ட வார்ப்பிரும்புப் பாலத்தின் இடைத்தூரம் 100 அடி 6 அங்குலம். வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணையின் மேல் தாமஸ் டெல்ஃபோர்டு கட்டி, 1826 ஜனவரி 30 அன்று திறக்கப்பட்ட சங்கிலித் தொங்கு பாலத்தின் நடு இடைத்தூரம் 579 அடி. இரண்டுக்கும் இடையே அரை நூற்றாண்டுகூட இல்லை. இரண்டும் இரும்புதான். ஒரே பொருளைக் கொண்டு கிட்டத்தட்ட ஆறு மடங்கு தூரத்தைத் தாண்ட முடிந்ததென்றால் இடையில் மாறியது எது? இரும்பின் தரம் உயர்ந்ததா, கணக்கு தெளிவானதா, அல்லது கட்டும் முறை மாறியதா? இத்துறையில் பணியாற்றியவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

மா. பேரறிவு எழுதியது:

விடை எளிது என்றே நினைக்கிறேன். கல்லைவிட இரும்பு வலிமையானது. கல் பாலம் சிறிய தூரத்தைத்தான் தாண்டும். இரும்பு வந்தவுடன் தூரம் கூடியது. இரும்பை உருக்கும் முறை மேம்பட மேம்பட இன்னும் கூடியது. உலைகளில் மரக்கரிக்குப் பதிலாகக் கல்கரியைப் பயன்படுத்தத் தொடங்கிய பின் இரும்பு மலிவாகவும் மிகுதியாகவும் கிடைத்ததுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

தி. அரங்கநாதன் எழுதியது:

முப்பத்திரண்டு ஆண்டுகள் நெடுஞ்சாலைத் துறையில் பாலங்களோடு பழகி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். பேரறிவு அவர்கள் கல்கரியைப் பற்றிச் சொன்னது சரி. அது இல்லாமல் 378 டன் வார்ப்பிரும்பை ஒரு பாலத்துக்கு ஒதுக்குவதை யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் “இரும்பு வந்தவுடன் தூரம் கூடியது” என்பது உண்மையன்று. வேல்ஸில் போன்டிபிரித் என்னும் ஊரில் வில்லியம் எட்வர்ட்ஸ் 1756-இல் முடித்த கல் வளைவுப் பாலத்தின் இடைத்தூரம் 140 அடி. அதாவது, இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து வந்த முதல் இரும்புப் பாலம் அதைவிட நாற்பது அடி குறைவு.

அந்தப் போன்டிபிரித் பாலத்தின் கதையிலேயே நம் கேள்விக்கான திறவுகோல் இருக்கிறது. எட்வர்ட்ஸ் அதற்கு முன் எழுப்பிய வளைவு இடிந்து விழுந்தது. வளைவின் இரு தோள்களிலும் நிரப்பிய கல்லின் பாரம் அழுத்தியதால், மெல்லியதாக இருந்த உச்சி மேல்நோக்கிப் பிதுங்கி உடைந்தது. அடுத்த முறை அவர் தோள்களில் பக்கத்துக்கு மூன்றாகப் பெரிய வட்டத் துளைகளை விட்டுப் பாரத்தைக் குறைத்தார். பாலம் நின்றது, இன்றும் நிற்கிறது. கல் நசுங்கியதால் அந்த வளைவு விழவில்லை என்பதைக் கவனியுங்கள். கல் தன் சொந்தப் பாரத்தாலேயே தன் வடிவத்தைக் கெடுத்துக்கொண்டது. எனவே வார்ப்பிரும்பு தந்த முதல் நன்மை வலிமை அன்று, பாரக்குறைவு. ஒரே சுமையைத் தாங்க மிகக் குறைந்த பொருள் போதும் என்பதால் வளைவைச் சட்டங்களாகவும் திறப்புகளாகவும் அமைக்க முடிந்தது.

அந்த நன்மையைக்கூட முதல் பாலம் முழுமையாகப் பயன்படுத்தவில்லை. 1795-இல் செவெர்னில் பெருவெள்ளம் வந்து பல பாலங்களைச் சேதப்படுத்தியது. திறப்புகள் வழியே நீர் ஓடிவிட்டதால் கோல்புரூக்டேல் பாலம் தப்பியது. அந்த வெள்ளத்தில் அழிந்த பில்டுவாஸ் பாலத்துக்கு மாற்றாக டெல்ஃபோர்டு 1796-இல் வார்ப்பிரும்பு வளைவு ஒன்றைக் கட்டினார். இடைத்தூரம் 130 அடி. இரும்பு 173 டன். முப்பது அடி கூடுதல் தூரம், ஆனால் பாதிக்கும் குறைவான இரும்பு. முதலில் கட்டியவர்கள் அச்சத்தால் அள்ளிப் போட்டதை அவர் நீக்கினார்.

வார்ப்பகம் குமரேசன் எழுதியது:

அரங்கநாதன் ஐயா சொன்னதோடு என் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் கோவையில் பம்ப் உறைகள் வார்க்கும் சிறிய பவுண்டரி ஒன்றை நடத்துகிறேன். கோல்புரூக்டேல் பாலத்தின் விலாக்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு உறக்கம் வரவில்லை. ஒவ்வொரு பெரிய விலாவும் இரண்டு பாதிகளாக வார்க்கப்பட்டது. ஒரு பாதி ஏறத்தாழ 70 அடி நீளமும் ஐந்து டன்னுக்கு மேல் எடையும் கொண்டது. அப்படி ஐந்து விலாக்கள், அதாவது பத்துப் பாதிகள். அவ்வளவு நீளமான ஒரு துண்டை மணலில் வார்த்து, குளிரும்போது கோணாமலும் விரிசல் விடாமலும் எடுப்பதென்பது இன்றும் எளிதன்று.

வார்ப்பிரும்பைக் கையாள்பவர்களுக்கு அதன் குணம் தெரியும். அழுத்தினால் எவ்வளவு வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளும். இழுத்தால் அந்த அளவில் நான்கில் ஒரு பங்கைக்கூடப் பல நேரங்களில் தாங்காது. அதைவிடக் கொடுமை, உடைவதற்கு முன் அது எந்த அறிகுறியும் காட்டாது. வளையாது, நீளாது, ஒரு நொடியில் இரண்டாகிவிடும். உடைந்த முகத்தைப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் சர்க்கரைக் கட்டி போல் மணிமணியாக இருக்கும், ஓரத்தில் எங்கோ கடுகளவு காற்றுக்குழி தெரியும். அந்தக் குழி வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிந்திருக்காது. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வார்த்துக் கொடுத்த ஒரு தாங்கியை வாங்கியவர், சொல்லியிருந்த திசைக்கு மாறாகத் தலைகீழாகப் பொருத்திவிட்டார். அழுத்தம் வரவேண்டிய பக்கத்தில் இழுப்பு வந்தது. மூன்றாம் நாள் முறிந்தது. பொருள் அதே பொருள்தான், சுமையும் அதே சுமைதான்.

ஆகவே வளைவு வடிவத்தில் மட்டும் அதை வைத்தவர்கள் பொருளின் இயல்பை உணர்ந்தே வைத்திருக்கிறார்கள். இன்னொன்று: அந்தப் பாலத்தின் இணைப்புகள் எல்லாம் தச்சர்களின் இணைப்புகள். துளையில் நாக்கைச் செருகுவது, புறாவால் பொருத்து, ஆப்பு அடிப்பது என்று மரவேலையில் செய்வதையே இரும்பில் செய்திருக்கிறார்கள்.

முகிலினி எழுதியது:

நான் கட்டடப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். செயல்திட்டத்துக்காக ஒரு பாலத்தின் சிறு மாதிரி செய்ய வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வளைவுப் பாலத்தைவிடச் சங்கிலிப் பாலமே சிறந்தது என்று தோன்றுகிறது. இரண்டு அடி நீளத்துக்குச் சங்கிலி மாதிரி செய்தால் போதுமா? மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்குமா?

தி. அரங்கநாதன் எழுதியது:

முகிலினி, இங்கே பேசுவது எது சிறந்தது என்பதைப் பற்றியன்று, எந்தத் தூரத்துக்கு எது இயலும் என்பதைப் பற்றி. உன் மாதிரிக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன் அம்மா. சங்கிலி மாதிரி செய்தால், நடுவில் சுமை வைப்பதோடு நிறுத்தாமல், இடைத்தூரத்தின் கால் பங்கில் ஓரிடத்தில் மட்டும் சுமை வைத்துப் பார். நடுவில் வைத்தபோது அடக்கமாக இருந்த பாலம் அப்போது எப்படி நெளிகிறது என்பதை அளந்து எழுது. அந்த நெளிவைப் பற்றிப் பிறகு இங்கேயே பேச வேண்டியிருக்கும்.

இப்போது நெடுஞ்சேரலாதன் கேட்ட கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். வார்ப்பிரும்பு வளைவுகள் 100 அடியில் நின்றுவிடவில்லை. 1796-இல் சண்டர்லாண்டில் வியர் ஆற்றின் மேல் 236 அடி தாண்டினார்கள். 1819-இல் இலண்டனில் ஜான் ரென்னி கட்டிய சதர்க் பாலத்தின் நடு வளைவு 240 அடி. இந்த இரண்டுக்கும் இடையிலான இருபத்து மூன்று ஆண்டுகளில் கூடியது நான்கே அடி. டெல்ஃபோர்டு தேம்ஸின் மேல் 600 அடியில் ஒரே வார்ப்பிரும்பு வளைவைக் கட்டலாம் என்று 1800-ஐ ஒட்டித் திட்டம் கொடுத்தார். அது தாளிலேயே நின்றது. ஏன் நின்றது என்பதுதான் கேள்வி.

வளைவு என்பது கடைசித் துண்டு பொருந்தும் வரை வளைவு அன்று. அதுவரை அதைக் கீழிருந்து ஏதாவது ஒன்று தாங்க வேண்டும். ஆழம் குறைந்த ஆற்றில் மரச் சாரம் கட்டலாம். மெனாய் நீரிணையில் ஓதம் பாய்ந்து ஓடும். கப்பல்கள் போக வேண்டும். கப்பற்படைத் தலைமையகம் உயர் ஓத மட்டத்திலிருந்து 100 அடி உயரத்துக்கு எந்தத் தடையும் இருக்கக்கூடாது என்றது. அங்கே நீருக்குள் சாரம் நாட்ட வழியே இல்லை. 1811-இல் டெல்ஃபோர்டு அதே நீரிணைக்கு 500 அடி வார்ப்பிரும்பு வளைவைத்தான் முன்வைத்தார். சாரத்துக்கு அவர் சொன்ன வழியைப் பாருங்கள்: கரைகளில் உயரமான கோபுரங்களை எழுப்பி, அவற்றிலிருந்து சாய்வான இரும்புக் கம்பிகளால் மரச் சாரத்தை மேலிருந்து தொங்கவிடலாம் என்றார்.

அந்தத் திட்டத்தை முதன்முதலில் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். சாரத்தையும், அதன் மேல் ஏறும் வளைவையும் மேலிருந்து தொங்கும் கம்பிகளே தாங்கிவிட முடியுமானால், பாதையை நேராகவே தொங்கவிட்டுவிடலாமே! வளைவு எதற்கு? அந்த எண்ணம் 1811-இல் அவருக்கு முழுதாகத் தோன்றியதா என்று சொல்ல முடியாது. 1814-இலிருந்து ரன்கார்ன் என்னும் இடத்தில் மெர்சி ஆற்றுக்கு 1000 அடி தொங்கு பாலம் கேட்டபோது, அவர் தேனிரும்புக் கம்பிகளை இழுத்து முறிக்கும் சோதனைகளை இருநூறுக்கு மேல் செய்தார். ரன்கார்ன் பாலம் எழவில்லை. ஆனால் அந்த எண்கள் மெனாய்க்குப் பயன்பட்டன.

மா. பேரறிவு எழுதியது:

போன்டிபிரித்தைப் பற்றி எனக்குத் தெரியாது; திருத்தியதற்கு நன்றி. ஆனாலும் நீங்களே தேனிரும்பு என்று சொல்கிறீர்கள். அப்படியானால் இரும்பின் தரம் உயர்ந்ததால்தானே தூரம் கூடியது?

வார்ப்பகம் குமரேசன் எழுதியது:

அண்ணா, தேனிரும்பு புதிய பொருள் அன்று. கொல்லர்கள் காலங்காலமாகச் சம்மட்டியால் அடித்துப் பண்படுத்தியது அதுதான். கரிமம் மிகக் குறைவு. உடைத்துப் பார்த்தால் கரும்பைப் பிளந்தது போல் நார்நாராக இருக்கும். வார்ப்பிரும்பை அச்சில் ஊற்றலாம், தேனிரும்பை அடித்தோ உருட்டியோதான் உருவாக்க வேண்டும். அழுத்தத்தில் அது வார்ப்பிரும்பைவிடக் குறைவு. இழுப்பில் பல மடங்கு மேல். முறிவதற்கு முன் நீண்டு காட்டும் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். உங்கள் கருத்தில் பாதி சரி: பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் புதிய உலைகளும் உருட்டாலைகளும் வந்ததால் ஒரே அளவுள்ள நீண்ட பட்டைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஆனால் வார்ப்பிரும்பு மேம்பட்டுத் தேனிரும்பாக மாறவில்லை. பொறியாளர்கள் அழுத்தத்தை விட்டு இழுப்புக்கு மாறினார்கள், அதற்கேற்ற இரும்பை எடுத்துக்கொண்டார்கள்.

தி. அரங்கநாதன் எழுதியது:

குமரேசன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். வளைவு அமுக்கப்படும்போது சற்றே வடிவம் விலகினாலும் மேலும் விலகப் பார்க்கும். அதைத் தடுக்கவே தடிமன் வேண்டும். சங்கிலி இழுக்கப்படும்போது தானாகவே தனக்குரிய வடிவத்துக்கு வந்து நிற்கும். எனவே அது மெல்லியதாக இருக்கலாம்.

மெனாய் பாலத்தின் எண்களை வைத்து ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். இடைத்தூரம் 579 அடி, சங்கிலியின் தொய்வு 43 அடி. சீராகப் பரவிய சுமை என்று கொண்டால், நடுவில் உள்ள கிடை இழுவிசை என்பது மொத்தச் சுமையை இடைத்தூரத்தால் பெருக்கி, தொய்வின் எட்டு மடங்கால் வகுப்பது. 100 டன் தொங்கினால் 100 × 579 ÷ 344, அதாவது ஏறத்தாழ 168 டன். கோபுர உச்சியில் சுமையின் பாதியான 50 டன் செங்குத்தாகவும் சேர்வதால் அங்கே 175 டன்னைத் தாண்டும். தொங்கும் சுமையைவிடச் சங்கிலியின் இழுப்பு முக்கால் பங்கு கூடுதல் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

இப்போது தொய்வைப் பாதியாக்கிப் பாருங்கள். கிடை இழுவிசை இரண்டு மடங்காகிவிடும். தொய்வைக் கூட்டினால் இரும்பு மிச்சம். ஆனால் கோபுரம் உயர வேண்டும், பாலமும் கூடுதலாக ஆடும். டெல்ஃபோர்டின் முதல் வரைவில் தொய்வு குறைவாக இருந்தது. டேவிஸ் கில்பர்ட் என்னும் கணித அறிஞர் தொங்கு கோட்டின் கணக்கைப் போட்டு, இந்தத் தொய்வில் சங்கிலிக்கு வரும் இழுப்பு மிகுதி என்று சுட்டிக்காட்டிய பிறகே தொய்வு கூட்டப்பட்டது. டெல்ஃபோர்டு கல்தச்சராகத் தொடங்கியவர். கணிதத்தைவிடச் சோதனையை நம்பியவர். இந்த இடத்தில் கணக்கு அவரைத் திருத்தியது. நீங்கள் கேட்ட மூன்றில், கணக்கின் பங்கு இதுதான்.

சங்கிலிகள் மொத்தம் 16. ஒவ்வொன்றிலும் 935 தேனிரும்புப் பட்டைகள். வில்லியம் ஹேசில்டைன் தயாரித்த அந்தப் பட்டைகள் ஷ்ரூஸ்பரியில் இருந்த அவருடைய தொழிலகத்தில் ஒன்றுவிடாமல் சதுர அங்குலத்துக்கு 11 டன் இழுப்பில் சோதிக்கப்பட்டன. டெல்ஃபோர்டின் சோதனைகளில் நல்ல தேனிரும்பு முறிந்தது சுமார் 27 டன்னில். துருப்பிடிக்காமல் இருக்கப் பட்டைகளைச் சூடாக்கி ஆளிவிதை எண்ணெயில் தோய்த்தார்கள்.

நெடுஞ்சேரலாதன் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. சாரம் இல்லாமல் முதல் சங்கிலியை எப்படி மேலே ஏற்றினார்கள்?

தி. அரங்கநாதன் எழுதியது:

அதைச் சொல்லாமல் விட்டால் இந்த இழை முழுமை பெறாது. சங்கிலியின் இரு முனைகளும் கரைப் பாறைகளுக்குள் குடைந்த சுரங்கங்களில் நங்கூரமிடப்பட்டன. கர்னார்வன் பக்கத்துச் சங்கிலி கோபுரத்தின் மேலேறி நீர்மட்டத்தை நோக்கித் தொங்கியது. ஆங்கிள்சி பக்கத்துச் சங்கிலி கோபுர உச்சி வரை வந்து நின்றது. இடையில் வேண்டிய நடுப்பகுதியை, 23½ டன் எடையுள்ளதை, 450 அடி நீளமான ஒரு தெப்பத்தின் மேல் கிடத்தினார்கள். 1825 ஏப்ரல் 26 அன்று, ஓதம் ஏறி நீரோட்டம் அடங்கும் வேளைக்குக் காத்திருந்து, படகுகளால் தெப்பத்தை இழுத்துக் கோபுரங்களுக்கு நடுவே நிறுத்தினார்கள். ஒரு முனையைக் கர்னார்வன் பக்கம் தொங்கிக்கொண்டிருந்த சங்கிலியோடு பூட்டினார்கள். மறுமுனையைக் கப்பிகளில் கட்டி, ஆங்கிள்சி கரையில் ஏறத்தாழ 150 ஆட்கள் சுழல்தூண்களைச் சுற்றி நடந்து கோபுர உச்சிக்கு இழுத்தார்கள். தாளம் தவறாமல் அடி வைக்கக் குழலும் முரசும் ஒலித்தன. ஏற ஏறத் தெப்பம் விடுபட்டு ஓதத்தோடு மிதந்து சென்றது. அன்றே பூட்டாணி அடிக்கப்பட்டது. தொழிலாளர்கள் சிலர் சங்கிலியின் மேலேயே ஊர்ந்து கடந்தார்கள். அதே முறையில் மற்றப் பதினைந்தும் ஜூலை 9-க்குள் ஏறிவிட்டன.

முன்பு போட்ட கணக்கையே இதற்கும் போடலாம். 23½ டன் சங்கிலி தொங்கும்போது முனையில் வரும் இழுப்பு ஏறத்தாழ 41 டன். அந்த 150 பேரும் கப்பிகளின் துணையோடு வென்றது அந்த 41 டன்னைத்தான். கப்பல்கள் தடைபட்டது சில மணி நேரம் மட்டுமே. வளைவுக்குச் சாரம் வைத்திருந்தால் நீரிணையை மாதக்கணக்கில் மூடியிருக்க வேண்டும். என் கருத்தில், 240 அடியில் நின்றதை 579-க்குக் கொண்டு சென்றது இந்த ஒரு வேறுபாடுதான்: எழுந்து முடியும் முன்னரே தன்னைத் தாங்கிக்கொள்ளும் அமைப்பு.

செங்கோட்டை இசக்கி எழுதியது:

நான் பொறியாளன் அல்லன்; செங்கோட்டையில் கடை வைத்திருக்கிறேன். கொல்லம் போகும் சாலையில் புனலூரில் கல்லடை ஆற்றின் மேல் பழைய தொங்கு பாலம் ஒன்று இருக்கிறது. திருவிதாங்கூர் காலத்தில், ஆல்பர்ட் ஹென்றி என்னும் பொறியாளர் 1870-களில் கட்டியது என்று அங்கே சொல்வார்கள். இப்போது நடந்து மட்டுமே போகலாம். சிறுவனாக இருந்தபோது தந்தையோடு அதில் நடந்திருக்கிறேன். அந்தப் பாலத்தின் சங்கிலி, நாம் கிணற்றில் பார்க்கும் வளையச் சங்கிலி போல் இல்லாமல், தட்டையான நீண்ட பட்டைகளை ஆணியால் கோத்தது போல் இருக்கும். இதுவும் நீங்கள் சொல்லும் வகைதானா? வளையச் சங்கிலியை ஏன் பயன்படுத்தவில்லை?

வார்ப்பகம் குமரேசன் எழுதியது:

அதே வகைதான் இசக்கி அண்ணாச்சி, சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். வளையத்தை இழுத்தால் அதன் வளைந்த பகுதி நிமிரப் பார்க்கும்; உள்ளே ஒரு பக்கம் இழுப்பு, மறுபக்கம் அமுக்கம் என்று பொருள் வீணாகும். ஒவ்வொரு வளையத்திலும் காய்ச்சி ஒட்டிய இடம் ஒன்று உண்டு, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. தட்டைப் பட்டையில் இழுப்பு நேராகப் போகும். இங்கிலாந்தில் கடற்படை அதிகாரியாக இருந்த சாமுவேல் பிரவுன் 1817-இல் இத்தகைய பட்டைக் கண்ணிகளுக்குக் காப்புரிமை பெற்றார். 1820-இல் ட்வீட் ஆற்றின் மேல் 449 அடியில் அவர் கட்டிய யூனியன் பாலம் மெனாய்க்கும் முந்தையது. அண்மையில் சீரமைக்கப்பட்டு இன்றும் வண்டிகள் போகின்றன.

பட்டைகளை அருகருகே ஐந்தாறாகக் கோப்பதில் இன்னொரு நன்மை உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றவை தாங்கிக்கொண்டிருக்கும்போதே அதைக் கழற்றி மாற்றலாம்.

மா. பேரறிவு எழுதியது:

சங்கிலிப் பாலம் ஐரோப்பியர் கண்டுபிடிப்பு என்பதுபோல் பேச்சு போகிறதே! சீனாவில் லூடிங் என்னும் இடத்தில் 13 இரும்புச் சங்கிலிகளால் ஆன பாலம் 1706-இலேயே 100 மீட்டருக்கு மேல் தாண்டியிருக்கிறது. திபெத்தில் தாங்தோங் கியால்போ என்ற துறவி 15-ஆம் நூற்றாண்டிலேயே இரும்புச் சங்கிலிப் பாலங்கள் பல கட்டியிருக்கிறார். இதை டெல்ஃபோர்டு பார்த்து எடுத்திருக்க மாட்டாரா?

தி. அரங்கநாதன் எழுதியது:

நீங்கள் சொல்லும் இரண்டும் உண்மை. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சீனச் சங்கிலிப் பாலத்தின் படம் 1721-இல் வியன்னாவில் வெளியான கட்டடக்கலை நூலொன்றில் வந்திருக்கிறது. ஆகவே செய்தி ஐரோப்பாவை எட்டியிருந்தது. டெல்ஃபோர்டு அதிலிருந்து எடுத்தார் என்பதற்கு நான் சான்று எதையும் பார்த்ததில்லை. லூடிங்கில் பலகைகள் சங்கிலியின் மேலேயே கிடக்கின்றன. பாதை சங்கிலியோடு தொய்ந்து போகிறது. மனிதரும் கோவேறு கழுதையும் போகலாம், குதிரை பூட்டிய அஞ்சல் வண்டி போக முடியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜேம்ஸ் ஃபின்லி 1801-இல் ஜேக்கப்ஸ் கிரீக் என்னும் ஓடையின் மேல் 70 அடிப் பாலம் ஒன்றைக் கட்டினார். சங்கிலியைத் தொய்யவிட்டு, அதிலிருந்து வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளைத் தொங்கவிட்டு, பாதையைச் சமமாக அமைத்தார். சங்கிலியையும் பாதையையும் பிரித்ததுதான் அவர் செய்தது. தொய்வை விருப்பம்போல் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது அதனால்தான்.

நெடுஞ்சேரலாதன் எழுதியது:

ஐயா, முகிலினியிடம் கால்பங்குச் சுமையைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றீர்கள்.

தி. அரங்கநாதன் எழுதியது:

நினைவூட்டியதற்கு நன்றி. சங்கிலி தன் சுமைக்கேற்ற வடிவத்துக்குத் தானே போய்விடும் என்றேன். அந்த நன்மையே தீமையும் ஆகும். சுமை இடம் மாறினால் வடிவமும் மாறும். மெனாய் பாலத்தின் பாதை மரப் பலகைகளால் ஆன மெல்லிய தளம். அதற்குத் தன்னளவில் விறைப்பு இல்லை. திறந்த அந்தக் குளிர்காலத்திலேயே காற்றில் தொங்குகம்பிகள் முறிந்தன. 1836-இல் வந்த புயலில் தளம் அலை போல் எழுந்து தாழ்ந்ததாகவும், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே 16 அடி இருந்ததாகவும் பாலக் காவலர் சொன்னதை, டெல்ஃபோர்டின் கீழ் பணியாற்றிய புரோவிஸ் பதிவு செய்திருக்கிறார். அசைவு மிகுந்த இடம் நடுப்பகுதி அன்று, கோபுரத்துக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட பகுதி. கால் பங்கில் சுமை வைக்கும் மாதிரியில் முகிலினி பார்க்கப்போவதும் அதே இடம்தான். 1839 ஜனவரிப் புயலில் தளத்தின் பெரும்பகுதி பிய்ந்து தொங்கியது, சங்கிலிகளோ நின்றன. புரோவிஸ் தளத்தை மேலும் கனமாகவும் விறைப்பாகவும் மாற்றினார். 1893-இல் எஃகுத் தளம் வந்தது. 1938 முதல் 1940 வரை சங்கிலிகளே எஃகுக்கு மாற்றப்பட்டன.

முகிலினி எழுதியது:

ஐயா, நேற்று மாலை அட்டையும் சைக்கிள் சங்கிலியும் வைத்துச் செய்து பார்த்தேன். கால் பங்கில் எடை வைத்தபோது எதிர்ப்பக்கக் கால் பங்கு மேலே எழுந்தது! தளத்தின் இரு ஓரங்களிலும் மூங்கில் குச்சியை நீளவாக்கில் கட்டியதும் எழும் அளவு பாதிக்கும் கீழே குறைந்தது. என் முதல் கேள்வியைப் பொருட்படுத்தாமல் வழிகாட்டியதற்கு நன்றி. இப்போது இன்னொரு கேள்வி: இரயில் போனால் என்ன ஆகும்?

தி. அரங்கநாதன் எழுதியது:

நீ பார்த்ததையே 1830-இல் டீஸ் ஆற்றின் மேல் பார்த்தார்கள். ஸ்டாக்டன் இருப்புப்பாதைக்காகச் சாமுவேல் பிரவுன் அங்கே ஒரு சங்கிலிப் பாலம் கட்டினார். வண்டித்தொடர் ஏறியதும் அதற்கு முன்னால் தளம் அலையாக எழுந்தது. பெட்டிகளை இடைவெளி விட்டுக் கட்டி அனுப்பிப் பார்த்தும் பயனில்லாமல், 1840-களில் அதை எடுத்துவிட்டு இராபர்ட் ஸ்டீபன்சனின் வார்ப்பிரும்பு உத்திரங்களை வைத்தார்கள்.

வார்ப்பகம் குமரேசன் எழுதியது:

அங்கேதான் என் பொருள் மீண்டும் வருகிறது. எனக்கு வேதனை தரும் பகுதியும் அதுவே. உத்திரம் என்றால் மேல்பக்கம் அமுக்கம், கீழ்ப்பக்கம் இழுப்பு. அதே ஸ்டீபன்சன் செஸ்டர் நகரில் டீ ஆற்றின் மேல் 98 அடி இடைத்தூரத்துக்கு வார்ப்பிரும்பு உத்திரங்களைப் போட்டார். பக்கவாட்டில் தேனிரும்புப் பட்டைகளைப் பூட்டி, அவை இழுப்பை ஏற்கும் என்று நம்பினார். ஆனால் அந்தப் பட்டைகளின் முனைகளைத் தனியே வேறெதிலும் நங்கூரமிடாமல் அந்த உத்திரத்தின் மேலேயே பூட்டியிருந்தார். 1847 மே 24 அன்று, தீப்பிடிக்காமல் இருக்க மரத்தளத்தின் மேல் சரளைக்கல் பரப்பிய அதே நாளில், இரயில் போகும்போது உத்திரம் முறிந்து ஐந்து பேர் இறந்தார்கள். எந்த முன்னறிவிப்பும் இல்லை. பவுண்டரிக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், வார்ப்பிரும்பிடம் அறிகுறியை எதிர்பார்ப்பதே தவறு.

தி. அரங்கநாதன் எழுதியது:

அதன் பிறகு அரசு விசாரணைக் குழு அமைந்தது. நீண்ட உத்திரங்களுக்கு வார்ப்பிரும்பை நம்பும் வழக்கம் தளர்ந்தது. ஸ்டீபன்சன் 1850-இல் அதே மெனாய் நீரிணையில், டெல்ஃபோர்டின் பாலத்துக்கு ஒரு மைல் தொலைவுக்குள், தேனிரும்புத் தகடுகளைத் தறைந்து செய்த பெரிய குழாய்களுக்குள் இரயிலை ஓட்டினார். பிரிட்டானியா பாலத்தின் பெரிய இடைத்தூரம் 460 அடி. அதன் கோபுரங்கள் தேவைக்கு மேல் உயரமாக இருக்கும். குழாய்களுக்குத் துணையாகச் சங்கிலிகளும் வேண்டியிருக்கலாம் என்று எண்ணி, அவற்றுக்கான திறப்புகளோடு கோபுரங்களை எழுப்பினார்கள். குழாயே போதும் என்று பிறகு தெரிந்தது. அந்தத் திறப்புகள் வெறுமையாகவே இருக்கின்றன.

மா. பேரறிவு எழுதியது:

எனக்கு இன்னும் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. ஃபின்லியின் பாலங்களில் தளத்தை விறைப்பாக்கும் மரச் சட்டங்கள் இருந்ததாகப் படித்திருக்கிறேன். அப்படியானால் டெல்ஃபோர்டு ஏன் அதை விட்டுவிட்டார்? எடையைக் குறைக்கவா, காற்றை அவர் எண்ணவே இல்லையா?

தி. அரங்கநாதன் எழுதியது:

நியாயமான கேள்வி. விறைப்பான தளம் என்றால் எடை கூடும். 100 டன் கூடினால் சங்கிலியில் 175 டன் கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதுதான் காரணம் என்பது என் ஊகம். ஆனால் காற்று பக்கவாட்டில் தள்ளும் என்று மட்டும் எண்ணி, மேலும் கீழுமாகத் தூக்கும் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை என்று வாதிடுவோரும் உண்டு. இரண்டில் எது என்று என்னால் அறுதியிட முடியவில்லை.

செங்கோட்டை இசக்கி எழுதியது:

அடுத்த மாதம் புனலூர் போகிறேன். அங்கே தளத்தின் ஓரத்தில் நீளவாக்கில் சட்டம் ஏதும் இருக்கிறதா, தொங்குகம்பிகள் எந்த இடைவெளியில் இருக்கின்றன என்று பார்த்துப் படம் எடுத்து இங்கே போடுகிறேன். வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

வார்ப்பகம் குமரேசன் எழுதியது:

பட்டைகளைக் கோத்திருக்கும் ஆணியின் அருகே, கண்ணியின் ஓரத்தில், துரு வழிந்த கோடு எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள் அண்ணாச்சி. தேய்மானம் முதலில் தெரியும் இடம் அதுதான். கோபுரத்துக்குப் பின்னால் சங்கிலி மண்ணுக்குள் இறங்கும் இடத்தையும் ஒரு படம் எடுங்கள்.